முதலில் மணிக்கணக்கு, பிறகு ஸ்லைடு: தன்னார்வலர் சேர்க்கைக்கு ஒரு கேரசல் பதிவு செய்யும் முறை

மதுரையில் நாங்கள் ஒரு சிறு குழுவாகப் பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறோம். செமஸ்டர் தேர்வுகளில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்கிரைப்பாகவும் போகிறோம். புதியவர்களைச் சேர்க்க ஆண்டுக்கு இருமுறை இன்ஸ்டாகிராமில் கேரசல், அதாவது பல படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் பதிவு, போடுவோம்.

எங்கள் முதல் கேரசலில் "வாரம் ஒரு மணி நேரம் போதும்" என்று எழுதினோம். நிறைய பேர் வந்தார்கள். ஒரு மாதத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள்மீது பிழை இல்லை. ஒரு மணி நேரம் என்று நம்பி வந்தவர்களுக்கு மூன்று மணி நேர வேலையைக் கொடுத்தோம். பாதியில் நின்ற பதிவுகளுக்காகக் காத்திருந்த மாணவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

அதன்பிறகு செய்யும் முறையை மாற்றிக்கொண்டோம். வேறு குழுக்கள் கேட்டபோது உடன் உட்கார்ந்து செய்தும் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் அநேகமாக ஒன்றுதான்: முதலில் டிசைன், கடைசியில் விவரம் என்று போவது. அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விஷயங்கள் வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தின் குறிப்பு, இப்போது எத்தனை பேர் தேவை என்ற எண்ணிக்கை, வருபவர்களுக்குப் பதில் சொல்லப்போகிறவர் யார் என்ற முடிவு, குழுவுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் எண்.

கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிவில் ஒருவருடைய சொந்த எண்ணைப் போட்டால், அது போகாத இடமெல்லாம் போகும். சேர்க்கை முடிந்து ஓராண்டு ஆன பிறகும் இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வரும். எண் ஒரு பெண்ணுடையது என்றால் வரும் தொல்லை வேறு மாதிரி. பழைய போன் ஒன்றில் தனி சிம் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொண்டால், பொறுப்பு கைமாறும்போது அந்தப் போனைக் கொடுத்துவிடலாம்.

எண்ணிக்கையும் முக்கியம். எங்களால் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேருக்குமேல் பழக்க முடியாது. அறுபது பேர் வந்தால் நாற்பத்தெட்டு பேரைக் காக்க வைக்க வேண்டியிருக்கும். அவர்கள் அடுத்த முறை வர மாட்டார்கள். எனவே எண்ணிக்கையையும் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

## 2. இரண்டு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் மூன்று நான்கு பேரிடம், தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "உத்தேசமாக எவ்வளவு ஆகும்?" என்று வாயால் கேட்காதீர்கள். பழகியவர்கள் வேலையின் நடுப்பகுதியை மட்டும்தான் நேரமாக நினைக்கிறார்கள். முன்னேற்பாடும் பின்வேலையும் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

எங்களிடம் ஒருவர் 22 பக்க அத்தியாயத்தைப் பதிவு செய்ய "ஒரு மணி நேரம்தான்" என்றார். எழுதிப் பார்த்தபோது இப்படி வந்தது. அருஞ்சொற்களையும் அட்டவணைகளையும் முன்கூட்டியே ஒருமுறை வாசித்துப் பார்க்க 25 நிமிடம். பதிவு செய்ய 70 நிமிடம். முழுவதையும் கேட்டு, தவறிய வரிகளை மறுபடி வாசித்துச் சேர்க்க 75 நிமிடம். கோப்புக்குப் பாடம், அலகு, பக்க எண் சேர்த்துப் பெயரிட்டு ஏற்ற 10 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரம்.

அதுவும் பழகியவருடைய நேரம். புதிதாக வந்தவருக்கு அதே அத்தியாயம் நான்கு மணி நேரத்தை நெருங்கியது. கேரசலைப் பார்க்கப்போகிறவர் புதியவர்தான். ஆகவே பதிவில் போக வேண்டியது புதியவருடைய கணக்கு.

ஸ்கிரைப் வேலையில் சிக்கல் வேறு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் மூன்று மணி நேரத்தோடு முடியாது. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. மூன்று மணி நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம், ஆக நான்கு. தேர்வறையில் பெயர் பதியவும் அனுமதி பெறவும் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். போய்வர ஒரு மணி நேரத்துக்குமேல். ஏறக்குறைய ஆறு மணி நேரம், அதுவும் பெரும்பாலும் வேலைநாளில்.

இதை வாரக் கணக்காக மாற்றும்போது பெரிய தப்பு நடக்கிறது. ஒருவர் ஆண்டுக்கு எட்டுத் தேர்வு எழுதினால் 48 மணி நேரம். 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட வராது. கணக்கு சரி, ஆனால் சொல்லும் விஷயம் பொய். அலுவலகம் போகிற ஒருவர் இதைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று நினைத்துவிடுவார். நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை முழுநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

சீராக வரும் வேலையை "வாரம் இத்தனை மணி" என்று சொல்லுங்கள். பருவத்தில் குவியும் வேலையை "எந்த மாதங்களில், எத்தனை நாள், எந்த நேரத்தில்" என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் அடைக்க வேண்டாம்.

## 3. வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்

"தன்னார்வலர்கள் தேவை" என்று பொதுவாகச் சொன்னால், வருபவர் தன் மனத்தில் இருக்கும் ஒரு வேலையை நினைத்துக்கொண்டு வருவார். பெரும்பாலானவர்கள் மாணவர்களை நேரில் சந்தித்துப் பாடம் சொல்லித் தருவதாக நினைக்கிறார்கள். எங்கள் பாடப் பதிவு வேலையில் மாணவரைச் சந்திக்கவே மாட்டார்கள். வீட்டில் தனியாக மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சந்திக்கும் ஆசையோடு வருபவருக்கு இது ஏமாற்றம்.

எனவே வேலையை, செய்யும் செயலை வைத்தே பெயரிடுங்கள். நாங்கள் மூன்றாகப் பிரித்தோம்: பாடம் வாசித்துப் பதிவு செய்பவர், தேர்வு எழுதும் ஸ்கிரைப், ஆட்களை ஒருங்கிணைப்பவர். "கல்வித் தோழர்", "குரல் கொடையாளர்" மாதிரியான பெயர்களை முயன்று பார்த்தோம். என்ன வேலை என்று விளக்கத் தனியாக ஒரு ஸ்லைடு தேவைப்பட்டது. விட்டுவிட்டோம்.

மூன்றுக்கு மேல் போனால் பார்ப்பவர் குழம்புகிறார். நான்காவதாக ஒரு வேலை இருந்தால் அதற்கு வேறொரு நாள் வேறொரு பதிவு போடலாம்.

## 4. எதிர்பார்ப்புகளை எழுதுவது

எல்லோரும் தயங்கும் இடம் இது. கடினமானதைச் சொன்னால் ஆட்கள் வர மாட்டார்களே என்ற பயம். எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஆனால் பதிவைப் பார்த்த நிமிடத்திலேயே விலகுகிறவரால் யாருக்கும் நட்டம் இல்லை. தேர்வுக்கு முந்தின இரவு விலகுகிறவரால் ஒரு மாணவருக்கு ஒரு செமஸ்டர் போகும், அரியர் விழும்.

எழுதுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. போன ஆண்டு விலகிப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேரிடம் போனில் கேளுங்கள், குறை சொல்லும் தொனி இல்லாமல். அந்தக் காரணங்கள்தான் உங்கள் எதிர்பார்ப்பு ஸ்லைடு.

எங்களுக்கு வந்த காரணங்களில் ஒன்று நாங்கள் நினைத்தே பார்க்காதது. ஸ்கிரைப்பாகப் போன ஒரு பெண், மாணவர் சொன்ன விடை தவறு என்று தெரிந்தும் அப்படியே எழுத வேண்டியிருந்தது என்றும், அன்றிரவு தூக்கமே வரவில்லை என்றும் சொன்னார். விதி அதுதான். ஸ்கிரைப் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். திருத்தவும் கூடாது, குறிப்புக் கொடுக்கவும் கூடாது. மீறினால் மாணவரின் தேர்வுக்கே ஆபத்து. இந்த மனச்சுமையை முன்பே சொல்லியிருந்தால், ஒன்று அவர் அதற்குத் தயாராக வந்திருப்பார், அல்லது பதிவு வேலையை எடுத்துக்கொண்டிருப்பார். இப்போது அது ஸ்லைடில் ஒரு வரியாக இருக்கிறது.

எழுதும்போது பண்புகளை எழுதாதீர்கள், செயல்களை எழுதுங்கள். "அர்ப்பணிப்பு உள்ளவராக இருக்க வேண்டும்" என்பதைப் படித்து, எனக்கு அர்ப்பணிப்பு இல்லை என்று யாரும் விலகப்போவதில்லை. "வர முடியாவிட்டால் மூன்று நாள் முன்பு சொல்ல வேண்டும்" என்பதைப் படித்தால், தன் வேலை அப்படிச் சொல்ல விடுமா என்று ஒருவர் யோசித்துப் பார்க்க முடியும்.

தகுதி பற்றியும் ஒரு சொல். ஸ்கிரைப் என்ன படித்திருக்கலாம், எந்தப் பாடம் படித்திருக்கக் கூடாது என்பதில் தேர்வு நடத்தும் அமைப்புக்கு அமைப்பு விதி மாறுகிறது. அதை ஸ்லைடில் விவரித்தால் ஒரு தேர்வுக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தவறாகவும் போகும். "உங்கள் படிப்பைப் பொறுத்து எந்தத் தேர்வுக்கு எழுதலாம் என்று நாங்கள் பார்த்துச் சொல்வோம்" என்று எழுதிவிடுங்கள்.

கொடுப்பதையும் கொடுக்காததையும் இதோடு சேர்த்து முடிவு செய்யுங்கள். கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்பது சான்றிதழ். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி நேரக் கணக்கு இருக்கிறது. இந்த வேலை அதில் சேருமா என்றும் கேட்பார்கள். அதை அவர்களுடைய திட்ட அலுவலர்தான் சொல்ல முடியும், நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. பேருந்துக் கட்டணம் தர முடியாவிட்டால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். கேட்கக் கூசி, கையிலிருந்து செலவழித்து, கடைசியில் சொல்லாமல் விலகிப்போனவர்கள் எங்களிடம் இருந்தார்கள்.

## 5. ஸ்லைடுகளின் வரிசை

இன்ஸ்டாகிராம் இப்போது ஒரு பதிவில் 20 படம் வரை விடுகிறது. இந்த வேலைக்கு எட்டு போதும். ஒரு ஸ்லைடில் முப்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். டிசைன் செயலியைத் திறந்துவிட்டால் படத்துக்கு இடம் ஒதுக்குவதற்காக விவரத்தை வெட்டத் தொடங்கிவிடுவோம்.

எங்கள் கடைசிக் கேரசலில் போனதை அப்படியே தருகிறேன்.

ஸ்லைடு 1: "பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் வாசிக்க, தேர்வு எழுத 12 பேர் தேவை. மதுரை. என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பது உள்ளே."

யாருக்கு, என்ன, எங்கே என்ற மூன்றும் முதல் படத்திலேயே இருக்க வேண்டும். ஊர் பெயர் இல்லாததால் கோவையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த செய்திகளுக்கு ஒரு வாரம் பதில் எழுதியிருக்கிறோம். "மாற்றத்தை உருவாக்குவோம்" போன்ற வரிகளை இங்கே வைத்தால் எந்தக் குழு, என்ன வேலை என்பது தெரியாமலே ஆள் கடந்துபோய்விடுவார்.

ஸ்லைடு 2: "வாசித்துப் பதிவு செய்ய: வாரம் 3 முதல் 4 மணி, வீட்டிலிருந்து. ஸ்கிரைப்: நவம்பர், டிசம்பர், ஏப்ரல், மே மாதங்களில் நான்கு வேலைநாள், நாளுக்கு 6 மணி. ஒருங்கிணைக்க: வாரம் 4 மணி, தேர்வுக் காலத்தில் 8."

நேரக் கணக்கை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் படத்தைத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது, சில நேரம் இரண்டாவது படத்திலிருந்து காட்டுகிறது. அவர் பார்க்கும் ஒரே படம் இதுவாக இருந்தாலும் முடிவெடுக்கத் தேவையான விவரம் கிடைத்துவிடும். குழுவைப் பற்றிய அறிமுகத்தை இந்த இடத்தில் வைப்பது நான் அதிகம் பார்த்த பிழை.

ஸ்லைடு 3: "வாசிப்பவர்: வாரம் ஒரு அத்தியாயம், சுமார் 20 பக்கம். போனும் சத்தம் இல்லாத ஓர் அறையும் போதும். பதிவு செய்ததை முழுவதும் நீங்களே கேட்டுத் திருத்த வேண்டும். மாணவர்களை நேரில் சந்திக்கும் வேலை அல்ல."

ஸ்லைடு 4: "ஸ்கிரைப்: மாணவர் சொல்வதை எழுத வேண்டும். விடை தவறு என்று தெரிந்தாலும் அப்படியே எழுத வேண்டும். வேலைநாளில் பகல் முழுவதும் தேவை. கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும்."

ஸ்லைடு 5: "ஒருங்கிணைப்பவர்: மாணவர் கேட்கும் தேதிக்கு ஆள் தேடுவது. திங்கள் முதல் சனி வரை மாலை அரை மணி நேரம் போன், ஞாயிறு ஒரு மணி நேரம் பட்டியல். ஒரே ஒருவர் தேவை."

ஸ்லைடு 6: "இவை முடியுமா என்று பாருங்கள்: ஆறு மாதம் தொடர்வது. வர முடியாவிட்டால் மூன்று நாள் முன்பு சொல்வது. ஒப்புக்கொண்ட தேர்வுக்கு வராமல் போனால் மாணவருக்கு அரியர் விழும். பாடப் பதிவுகளை வெளியே பகிரக் கூடாது."

கடைசி வரிக்குக் காரணம் பதிப்புரிமை. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு நூல்களை மாற்ற அனுமதிக்கிறது. ஆர்வத்தில் ஒருவர் அதே பதிவை யூடியூபில் போட்டால் அந்த அனுமதிக்குள் வராது. ஸ்லைடில் இதை விளக்க வேண்டாம். விதியை மட்டும் சொல்லி, விளக்கத்தைப் பழக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு 7: "தருவது: இரண்டு மணி நேரப் பயிற்சி, முதல் மாதம் உடனிருந்து உதவ ஒருவர், ஆறு மாதம் முடிந்தபின் சான்றிதழ். தராதது: பேருந்துக் கட்டணம், சம்பளம்."

ஸ்லைடு 8: "வாட்ஸ்அப்பில் உங்கள் பெயர், வேலை, எந்த நாட்கள் முடியும் என்று எழுதுங்கள். மூன்று நாளில் பதில் வரும். 20-ஆம் தேதி வரை. 12 பேர் நிறைந்தால் முன்பே முடியும்."

கியூஆர் குறியீட்டை இந்தக் கடைசிப் படத்தில் வைக்காதீர்கள். பதிவைப் போனில் பார்ப்பவர் அதே போனை வைத்து அதை ஸ்கேன் செய்வது சிரமம். கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளுக்குத்தான் அது பொருந்தும். பதிவின் கீழே எழுதும் குறிப்பில் இணைப்பைப் போட்டாலும் அழுத்த முடியாது. வாட்ஸ்அப்பை நேராகத் திறக்கும் wa.me இணைப்பை முகப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இணைப்பு முகப்பில்" என்று எழுதுங்கள். எண்ணையும் படத்தில் பெரிதாகப் போடுங்கள்.

## 6. தமிழைப் படத்தில் வைக்கும்போது

எல்லா ஸ்லைடுகளும் 1080 × 1350 அளவில் இருக்கட்டும். சதுரத்தைவிட உயரமாக இருப்பதால் தமிழுக்குத் தேவையான வரி இடைவெளி கிடைக்கும். நம் எழுத்துகளில் மேலே மேல்விலங்கும் புள்ளியும், கீழே கு, கூ போன்றவற்றின் வளைவும் வருகின்றன. ஆங்கிலத்துக்கு என்று அமைத்த டெம்ப்ளேட்டின் இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரியின் வளைவும் கீழ் வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும்.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் ஆகியவற்றில் ஒன்று போதும். மிக மெல்லிய வகையை எடுக்காதீர்கள். சின்னத் திரையில் புள்ளி மறைந்துபோகும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். எழுத்து இடைவெளியைக் கூட்டும் வசதியையும் தொடாதீர்கள். கொம்பும் எழுத்தும் பிரிந்து நிற்கும். சில கணினிச் செயலிகளில் 'கொ' என்பது கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வரும். அந்தச் செயலியில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றினால் சரியாகும், இல்லையென்றால் போனில் செய்துவிடலாம்.

அப்புறம், நம் சொற்கள் நீளம். "ஒருங்கிணைப்பாளர்களுக்கு" என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். எழுத்தைச் சின்னதாக்குவதைவிடச் சொல்லை மாற்றுவது நல்லது: "ஒருங்கிணைக்க" என்றாலே போதும்.

முடித்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, பதிவிடும்போது எழுத்தின் ஓரம் மங்கித் தெரியும்.

## 7. திரையைப் பார்க்காமல் கேட்பவர்களுக்கு

இதை நாங்கள் வெகு தாமதமாகத்தான் உணர்ந்தோம். எங்களிடம் பாடப் பதிவு வாங்கும் ஒரு மாணவர், "அண்ணா, நமக்கு ஆள் கேட்டுப் போட்ட பதிவை எங்கள் வகுப்புக் குழுவில் பகிரலாம்னு பார்த்தேன். டாக்பேக் வெறும் படம்னு மட்டும்தான் சொல்லுது" என்றார். அவருக்காகச் செய்த பதிவை அவரால் படிக்க முடியவில்லை.

படத்துக்குள் இருக்கும் எழுத்தை, டாக்பேக் மாதிரி திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் நம்பகமாக வாசிக்காது. பதிவிடும்போது கூடுதல் அமைப்புகளுக்குள் "Alt text" என்ற இடம் இருக்கும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அங்கே, ஸ்லைடில் உள்ள வாசகத்தையே எழுதுங்கள். "நீலப் பின்னணியில் புத்தகம்" என்று அலங்காரத்தை விவரிப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

கீழே எழுதும் குறிப்பிலும் முழு விவரத்தை மறுபடி எழுதுங்கள். அதற்கு 2,200 எழுத்துக்குறி வரைதான் இடம். தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "தன்னார்வலர்" என்பது நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. எனவே எழுதி முடித்து, ஒட்டிப் பார்த்து, பிறகு குறையுங்கள். முதல் ஒன்றிரண்டு வரிதான் உடனே தெரியும் என்பதால் ஊரையும் கடைசித் தேதியையும் அங்கே வையுங்கள்.

## 8. போடும் முன் இருவரிடம் காட்டுங்கள்

ஒருவர், குழுவைப் பற்றி எதுவும் தெரியாதவர். ஸ்லைடுகளைப் போனில் ஒருமுறை தள்ளிப் பார்க்கச் சொல்லி, போனை வாங்கிக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: "என்ன வேலை? எப்போது வரணும்?" எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டபோது, ஸ்கிரைப் வேலைக்கு "சனி ஞாயிறுதானே" என்றார். அப்போது ஸ்லைடில் "நான்கு நாள்" என்று மட்டும் இருந்தது. "வேலைநாள்" என்ற சொல் அன்றுதான் சேர்ந்தது.

இன்னொருவர், அந்த வேலையை இப்போது செய்கிறவர். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: "இதில் உனக்குப் பொய்யாகத் தெரிகிற வரி எது?" நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

பதிவிட்டபின் கீழே உள்ள குறிப்பைத் திருத்தலாம், படத்துக்குள் இருக்கும் பிழையைத் திருத்த முடியாது. தேதி, எண், ஊர் மூன்றையும் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருமுறை வாட்ஸ்அப் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட, யாரோ ஒரு முன்பின் தெரியாதவருக்கு இரண்டு நாள் செய்திகள் போயின.

## 9. பதிவிட்ட பிறகு

முதல் மூன்று நாளுக்கு ஒருவர் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். ஆர்வம் சூடாக இருக்கும்போது பதில் வராவிட்டால் அந்த ஆள் வேறு வேலையில் இறங்கிவிடுவார். எங்கள் முதல் பதிலில் எப்போதும் ஒரு கேள்வி இருக்கும்: "ஸ்லைடு 2-இல் உள்ள நேரத்தில் உங்களுக்கு எது ஒத்துவரும்?" படிக்காமல் செய்தி அனுப்பியவர் திரும்பப் போய்ப் படிப்பார். படித்துவிட்டு "எனக்கு இது சரிப்படாது" என்று எழுதுபவருக்கு நன்றி சொல்லுங்கள், வற்புறுத்த வேண்டாம். அப்படி விலகிய ஒருவர் அடுத்த விடுமுறையில் தானாகத் திரும்பி வந்தார். இப்போது வணிகவியல் பாடங்களை அவர்தான் வாசிக்கிறார்.

எண்ணிக்கை நிறைந்த அன்றே குறிப்பின் முதல் வரியை "இந்த முறை சேர்க்கை முடிந்தது, அடுத்தது ஜூன் மாதம்" என்று மாற்றிவிடுங்கள். கேரசல்கள் பல மாதம் கழித்தும் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும்.

புதியவர்கள் சேர்ந்த முதல் மாதம் அவர்களிடமும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். போன முறை எங்களுக்கு வாசிப்பு வேலை நான்கு மணி நேரத்தைத் தாண்டியது, அறிவியல் பாடங்களில் படங்களையும் சமன்பாடுகளையும் சொல்லால் விளக்க வேண்டியிருந்ததால். ஜூன் மாதக் கேரசலில் ஸ்லைடு 2 இப்படி மாறுகிறது: "கலைப் பாடங்கள் வாரம் 3 முதல் 4 மணி, அறிவியல் பாடங்கள் 5 மணி."